இறந்த ஆட்டை அறுப்பதற்கு முன்னும் பின்னும்

முப்பது வெள்ளாடுகள் உள்ள ஒரு பட்டி. இரண்டு வாரங்களுக்கு முன் சந்தையில் வாங்கிய இரண்டு ஆடுகளை மற்ற ஆடுகளோடு அன்றே சேர்த்து அடைத்துவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து அவற்றுக்கு மூக்கு ஒழுகியது, காய்ச்சல் அடித்தது. பிறகு பழைய ஆடுகளில் நாலைந்துக்கும் இருமலும் கழிச்சலும் வந்தன. இன்று விடியற்காலை ஒரு பெட்டை ஆடு செத்துக் கிடக்கிறது. ஆட்டுக்காரப் பெண்மணிக்குச் சந்தேகமே இல்லை. “சளி கட்டிப் போச்சுங்க சார். நெஞ்சு கர்ருகர்ருன்னு இழுத்துக்கிட்டே கெடந்துச்சு” என்கிறார். அவர் சொல்வது தவறில்லை. ஆனால் அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியைக் கண்டுபிடிக்காவிட்டால் பட்டியில் மிச்சமிருக்கும் ஆடுகளைக் காப்பாற்ற முடியாது.

இந்தப் பட்டி கால்நடை மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் நிலவரங்களைச் சேர்த்து அமைத்த ஓர் எடுத்துக்காட்டு. இறந்த ஆட்டைப் பரிசோதனை செய்யும்போது மருத்துவர் எதை, எந்த வரிசையில், ஏன் பார்க்கிறார், ஆய்வுக்கூடத்துக்கு எதை அனுப்புகிறார் என்பதை இந்த ஒரே ஆட்டை வைத்துப் பார்த்துவிடலாம்.

கத்தி எடுக்கும் முன்

முதல் வேலை கேட்பது. எப்போது நோய் தொடங்கியது, எத்தனை ஆடுகளுக்கு வந்தது, குட்டிகளுக்கா பெரிய ஆடுகளுக்கா, என்ன தீவனம், எங்கே மேய்ச்சல், என்ன தடுப்பூசி எப்போது போட்டது, நோய் வந்த பிறகு என்ன மருந்து கொடுத்தது என்று மருத்துவர் கேட்டு எழுதிக்கொள்கிறார். கடைசிக் கேள்வி சிறியதாகத் தோன்றும். ஆனால் நுண்ணுயிர்க்கொல்லி ஊசி ஏற்கெனவே போட்டிருந்தால், ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியா வளராமல் போகலாம். அதைத் தெரிந்துகொள்ளாமல் “கிருமி இல்லை” என்று முடிவு வந்தால் அது ஆளைத் திசைதிருப்பிவிடும்.

அடுத்தது வெளியே பார்ப்பது. இங்கேதான் ஒரு கண்டிப்பான விதி இருக்கிறது. நேற்று மாலைவரை நன்றாக மேய்ந்த ஆடோ மாடோ திடீரென்று செத்துக் கிடந்து, மூக்கு, வாய், ஆசனவாய் வழியாக உறையாத கருஞ்சிவப்பு ரத்தம் கசிந்து, உடல் வேகமாக ஊதி, ஆனால் சரியாக விறைக்காமல் இருந்தால் அந்த உடலை அறுக்கவே கூடாது. அது அடைப்பான் நோயாக இருக்கலாம். அடைப்பான் கிருமி மூடிய உடலுக்குள் இருக்கும்வரை அழுகலில் சில நாட்களில் அழிந்துபோகக்கூடியது. உடலைத் திறந்து காற்றுப் பட வைத்தால் அது வித்தாக மாறிவிடும். அந்த வித்து மண்ணில் பல பத்து ஆண்டுகள் உயிரோடு கிடந்து, அங்கே மேய வரும் கால்நடைகளையும் கையாளும் மனிதர்களையும் தாக்கும்.

அதனால் சந்தேகம் இருக்கும்போது மருத்துவர் காது நுனி நரம்பில் ஊசியால் குத்தி ஒரு துளி ரத்தம் எடுக்கிறார். அதைக் கண்ணாடிச் சில்லில் மெல்லியதாகப் பூசி, காயவைத்து, மெத்திலீன் நீலச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்க்கிறார். முனைகள் சதுரமாக வெட்டினாற்போன்ற நீலக் குச்சிகள் சங்கிலியாக நின்று, சுற்றிலும் இளஞ்சிவப்பு உறை தெரிந்தால் அது அடைப்பான். பரிசோதனை அத்தோடு முடிந்தது. உடலை அப்படியே எரிப்பார்கள், அல்லது ஆழமாகப் புதைப்பார்கள். குத்திய இடத்தைக்கூடப் பஞ்சு வைத்து அடைத்துவிட்டுத்தான் நகர்வார்கள்.

நம் ஆடு அப்படி இல்லை. ஐந்தாறு நாள் நோயில் கிடந்து செத்தது. ரத்தக் கசிவு இல்லை. கண் ஓரத்தில் பீளை காய்ந்திருக்கிறது. மூக்குத் துளைகளைச் சுற்றிச் சளி பொருக்காகக் கட்டியிருக்கிறது. பின்தொடையெல்லாம் கழிச்சல் ஒட்டியிருக்கிறது. கண் இமையைப் புரட்டினால் சிவந்திருக்கிறது. வெளிறிப் போயிருந்தால் ரத்தம் உறிஞ்சும் குடற்புழுவை முதலில் நினைக்க வேண்டியிருக்கும். மருத்துவர் கையுறை, முகக்கவசம், ரப்பர் காலணி போட்டுக்கொண்டு அறுக்கத் தயாராகிறார்.

இடப்பக்கமாகக் கிடத்தி

அசைபோடும் விலங்கை இடப்பக்கம் தரையில் படும்படி கிடத்துவது வழக்கம். அதன் பெருவயிறு உடலின் இடப்பக்கத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. அது கீழே போனால்தான் குடலும் ஈரலும் தடையில்லாமல் கண்ணுக்குத் தெரியும். மேலே நிற்கும் வலது முன்னங்காலை அக்குளில் அறுத்துப் பின்னால் மடக்குகிறார். வலது பின்னங்காலை இடுப்பு மூட்டில் பிரித்துச் சாய்க்கிறார். தோலை உரித்து விலக்கிய பிறகு வயிற்றுச் சுவரைக் கடைசி விலா எலும்பை ஒட்டித் திறக்கிறார்.

திறந்ததும் கையை விடுவதில்லை. முதலில் பார்க்கிறார். உறுப்புகள் தம் இடத்தில் இருக்கின்றனவா, குடல் முறுக்கியிருக்கிறதா, வயிற்றுக்குள் நீர் கோத்திருக்கிறதா, கோத்திருந்தால் அது தெளிவானதா, ரத்தம் கலந்ததா, சீழா என்பதெல்லாம் ஒரு முறை கலைத்துவிட்டால் திரும்பக் கிடைக்காத செய்திகள். பிறகு உதரவிதானத்தில் கத்தி நுனியால் சிறு துளை போடுகிறார். நெஞ்சுக்கூட்டுக்குள் காற்று உறிஞ்சப்படும் மெல்லிய ஓசை கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அங்கே ஏற்கெனவே காற்றோ நீரோ சீழோ புகுந்திருக்கக்கூடும். அதன்பின் விலா எலும்புகளை வெட்டி நெஞ்சைத் திறக்கிறார்.

நாக்கு, மூச்சுக்குழாய், உணவுக்குழாய், நுரையீரல், இதயம் எல்லாவற்றையும் ஒரே தொடராக வெளியே எடுத்துப் பார்ப்பது முறை. ஈரல், மண்ணீரல், சிறுநீரகங்கள் அதற்கடுத்து. குடலையும் இரைப்பைகளையும் கடைசியில்தான் திறக்க வேண்டும். குடலுக்குள் இருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் கத்தியில் ஒட்டிக்கொண்டால் மற்ற உறுப்புகளிலிருந்து எடுக்கும் மாதிரிகள் கெட்டுவிடும். ஆனால் இறந்த உடலில் மிக வேகமாகச் சிதைவதும் குடல்தான். இதற்கு வழி, இரண்டு பக்கமும் நூலால் கட்டிய சிறு குடல் துண்டுகளை முதலிலேயே வெட்டி எடுத்துத் தனியே வைத்துவிடுவது. முழுக் குடலையும் நிதானமாகப் பிறகு திறந்துகொள்ளலாம்.

கண்ணில் பட்ட முதல் காரணம்

இந்த ஆட்டின் நெஞ்சைத் திறந்ததும் காரணம் கண்ணெதிரே நிற்கிறது. இரண்டு நுரையீரல்களின் முன்பக்க, கீழ்ப்பக்க மடல்களும் கருஞ்சிவப்பாக, கெட்டியாக இருக்கின்றன. நல்ல நுரையீரல் வெளிர் ரோஜா நிறத்தில் இருக்கும். அழுத்தினால் பஞ்சாக அமுங்கி நிமிரும். இது அமுங்கவில்லை. கெட்டியான பகுதியிலிருந்து ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் போடுகிறார். காற்று உள்ள நுரையீரல் மிதக்கும். இது மூழ்குகிறது. வெட்டிய முகத்தை அமுக்கினால் சிறு மூச்சுக்குழல்களிலிருந்து சீழ் எட்டிப் பார்க்கிறது. சந்தேகமில்லாத நிமோனியா.

ஆனால் நிறத்தை மட்டும் பார்த்து இதைச் சொல்லிவிட முடியாது. செத்தபின் ரத்தம் தரையை ஒட்டிய பக்கத்துக்கு இறங்கும். அதனால் எந்த நோயும் இல்லாத ஆட்டிலும் கீழ்ப்பக்க நுரையீரல் சிவந்து காணப்படும். அது மிருதுவாகவே இருக்கும், மிதக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, முன் மடல்களில், கெட்டியாக இருப்பதுதான் நோய். இறந்த உடலைப் படிப்பதில் பாதி வேலை இந்தப் பிரித்தறிதல்தான். பெருவயிற்றின் உள்தோல் செத்த சில மணி நேரத்தில் தானே உரியும். அதைப் பார்த்துவிட்டு விஷம் என்று சொல்லக் கூடாது. குடலையும் பித்தப்பையையும் ஒட்டிய ஈரல் பகுதி பச்சையாகவோ கருப்பாகவோ மாறுவதும் அழுகலின் வேலையே.

மாட்டில் இதே கேள்வி வயிறு உப்புவதில் வருகிறது. செத்த மாடு எதுவானாலும் சில மணி நேரத்தில் வயிறு உப்பும். உப்புசத்தால் செத்ததா, செத்தபின் உப்பியதா? மருத்துவர் உணவுக்குழாயை நீளவாக்கில் திறந்து பார்க்கிறார். உயிரோடு இருக்கும்போதே வயிறு உப்பி நெஞ்சை நெருக்கியிருந்தால், கழுத்துப் பகுதி உணவுக்குழாய் ரத்தம் தேங்கிச் சிவந்திருக்கும். நெஞ்சுக்குள் உள்ள பகுதி ரத்தம் பிழிந்து தள்ளப்பட்டு வெளிறியிருக்கும். இரண்டுக்கும் நடுவே நெஞ்சு நுழைவாயிலில் ஒரு தெளிவான எல்லைக்கோடு தெரியும். செத்தபின் வந்த உப்புசத்தில் பெரும்பாலும் இந்தக் கோடு இருக்காது.

இந்த ஆட்டில் நிமோனியா உறுதியாகிவிட்டது. ஆட்டுக்காரர் சொன்னதும் சரியாகிவிட்டது. பரிசோதனையை இங்கேயே நிறுத்திவிட்டு, நுண்ணுயிர்க்கொல்லி ஊசி எழுதிக் கொடுத்துவிட்டுப் போக எல்லா நியாயமும் இருப்பதாகத் தோன்றும். ஒரு உறுப்பையும் விடாமல் வரிசையாகப் பார்க்க வேண்டும் என்ற முறை இருப்பது இந்த இடத்துக்காகத்தான்.

வாயும் பெருங்குடலும்

மருத்துவர் வாய்க்குத் திரும்புகிறார். கீழ் உதட்டின் உட்புறத்திலும் மேல் ஈறிலும் நாக்கின் அடியிலும் தவிடு தூவியதுபோல் சாம்பல் நிறத்தில் ஏதோ படிந்திருக்கிறது. விரலால் தேய்த்தால் அது உரிந்து, அடியில் ஆழமில்லாத சிவந்த புண் தெரிகிறது. நிமோனியா மட்டும் இருந்தால் வாயில் இந்தப் புண் வர வேண்டியதில்லை.

அடுத்து வயிறுகள். பெருவயிறு ஏறக்குறைய நன்றாகவே இருக்கிறது. செரிமானம் நடக்கும் நான்காம் வயிற்றில் மடிப்புகளின் மேல் சிவந்த அரிப்புப் புண்கள். அங்கே ரத்தம் உறிஞ்சும் புழுக்கள் இருக்கின்றனவா என்றும் கூர்ந்து பார்க்கிறார். ஒன்றிரண்டு இருக்கின்றன, சாவுக்குக் காரணமாகும் அளவில் இல்லை. சிறுகுடலை ஒட்டிய நிணநீர் முடிச்சுகள் வீங்கி, வெட்டினால் நீர்த்துக் கிடக்கின்றன.

கடைசியாகப் பெருங்குடலையும் மலக்குடலையும் நீளவாக்கில் திறந்து, பரபரவென்று தேய்க்காமல் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுகிறார். உட்புற மடிப்புகளின் மேட்டிலெல்லாம் கருஞ்சிவப்புக் கோடுகள் இணைகோடுகளாக ஓடுகின்றன. இடையில் உள்ள பள்ளங்கள் வெளிறியிருக்கின்றன. கால்நடை மருத்துவர்கள் இதை வரிக்குதிரைக் கோடு என்பார்கள்.

வாய்ப்புண், நிமோனியா, கழிச்சல், வரிக்குதிரைக் கோடு, சந்தையிலிருந்து வந்த ஆடு. ஐந்தையும் சேர்த்துப் பார்த்தால் ஆட்டுக்கொல்லி நோய் என்று சந்தேகிக்க வேண்டும். பி.பி.ஆர். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த வைரஸ், உடலின் எதிர்ப்புச் செல்களையே முதலில் தாக்குகிறது. எதிர்ப்பு வீழ்ந்ததும், வழக்கமாக மூக்கிலும் தொண்டையிலும் தொந்தரவில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்குகின்றன. ஆட்டைக் கடைசியில் கொன்றது நிமோனியா. அதற்குக் கதவைத் திறந்துவிட்டது வைரஸ்.

இந்தச் சந்தேகமும் இன்னும் முடிவு அல்ல. வரிக்குதிரைக் கோடு, கடுமையாக முக்கிக் கழியும் வேறு நோய்களிலும் வரும். எல்லா ஆட்டுக்கொல்லி ஆடுகளிலும் அது இருக்கும் என்றும் சொல்ல முடியாது. வாய்ப்புண் அம்மையிலும் நீலநாக்கு நோயிலும் வரலாம். கண் காட்டியதை ஆய்வுக்கூடம் உறுதிசெய்ய வேண்டும்.

பனிக்கட்டியா, ஃபார்மலினா

ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் மாதிரியில் பெரும்பாலான தவறுகள் ஒரே இடத்தில் நடக்கின்றன. ஒரே உறுப்பின் துண்டுகளை இரண்டு விதமாக அனுப்ப வேண்டும் என்பதை மறந்துவிடுவார்கள்.

திசுவை நுண்ணோக்கியில் பார்ப்பதற்கான துண்டு, பத்து சதவீத ஃபார்மலினில் போக வேண்டும். ஃபார்மலின் திசுவை அப்படியே நிறுத்திவைக்கும், கூடவே எல்லாக் கிருமியையும் கொன்றுவிடும். அதனால் அதிலிருந்து பாக்டீரியாவை வளர்க்க முடியாது. கிருமியைத் தேடுவதற்கான துண்டு எந்த மருந்தும் இல்லாமல், சுத்தமான தனித் தனிக் குப்பியில், பனிக்கட்டியில் போக வேண்டும். ஃபார்மலின் துண்டைப் பனிக்கட்டிப் பெட்டியில் உறையவிட்டால் செல்கள் வெடித்து நுண்ணோக்கியில் எதுவும் தெரியாது. பனிக்கட்டியில் போக வேண்டிய துண்டை ஃபார்மலினில் போட்டால் அதில் கிருமி வளராது. இரண்டும் திருத்த முடியாத தவறுகள்.

ஃபார்மலின் துண்டு அரை சென்டிமீட்டர் தடிமனுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. மருந்து திசுவுக்குள் மெதுவாகத்தான் ஊடுருவும். பெரிய துண்டின் நடுப்பகுதி, மருந்து போய்ச் சேருவதற்குள் அழுகிவிடும். திசுவின் அளவைப்போல் பத்து மடங்கு ஃபார்மலின் வேண்டும். அகன்ற வாய் உள்ள பாட்டில் வேண்டும், ஏனென்றால் குறுகிய வாயில் மெல்லியதாக நுழைந்த துண்டு கெட்டியான பிறகு வெளியே வராது. நோயுற்ற பகுதியின் நடுவிலிருந்து மட்டும் வெட்டாமல், நோயும் நல்ல திசுவும் சந்திக்கும் ஓரத்திலிருந்து வெட்ட வேண்டும். நோய் அந்த எல்லையில்தான் தன் உருவத்தைக் காட்டும்.

இந்த ஆட்டில் மருத்துவர் நுரையீரல், மண்ணீரல், நுரையீரலையும் குடலையும் ஒட்டிய நிணநீர் முடிச்சுகள், பெருங்குடல் ஆகியவற்றில் இரண்டு விதமாகவும் எடுக்கிறார். குடல் மாதிரிகளைக் கழுவுவதற்கு முன்பே எடுத்து, மற்ற உறுப்புகளோடு சேராமல் தனிக் குப்பியில் வைக்கிறார். நுரையீரலிலிருந்து பாக்டீரியா வளர்க்க எடுக்கும்போது, மேற்பரப்பைச் சூடேற்றிய கத்தியால் சுட்டுவிட்டு, அந்த இடத்தைக் கீறி உள்ளிருந்து பஞ்சுக்குச்சியில் எடுக்கிறார். மேற்பரப்பில் ஒட்டிய கண்ட கிருமியும் வளர்ந்து குழப்பாமல் இருக்கவே இந்தச் சூடு.

அடுத்த வேலை செத்த ஆட்டில் இல்லை. பட்டியில் இன்று காய்ச்சலோடு நிற்கும் ஆடுகளைத் தேடிப்போய், கண்ணிலும் மூக்கிலும் பஞ்சுக்குச்சியால் எடுக்கிறார், ரத்தமும் எடுக்கிறார். நோயின் தொடக்கத்தில் கண்ணீரிலும் சளியிலும் வைரஸ் ஏராளமாக இருக்கும். செத்த ஆட்டில் அது குறைந்துபோயிருக்கலாம். ஒவ்வொரு குப்பியிலும் ஆட்டின் அடையாளம், உறுப்பின் பெயர், தேதி, நேரம் எழுதப்படுகிறது. கேட்டறிந்த கதையும், கண்ணால் கண்டதும், எந்த நோயைச் சந்தேகிக்கிறார் என்பதும் தாளில் போகிறது. சந்தேகத்தைச் சொல்லாவிட்டால் எந்தச் சோதனையைச் செய்வது என்று ஆய்வுக்கூடத்துக்குத் தெரியாது.

முடிவு வந்த பிறகு

மரபணுச் சோதனையில் மூக்குச் சளியிலும் நிணநீர் முடிச்சிலும் ஆட்டுக்கொல்லி வைரஸ் இருப்பது தெரிகிறது. நுரையீரலிலிருந்து பாஸ்சுரெல்லா வகைப் பாக்டீரியா வளர்கிறது, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்ற பட்டியலும் வருகிறது. இரண்டு விடைக்கும் இரண்டு வேலை உண்டு. இரண்டாவது விடையை வைத்து நோயுற்ற ஆடுகளுக்கு மருந்து கொடுத்தால் நிமோனியாச் சாவு குறையும், ஆனால் நோய் பரவுவது நிற்காது. முதல் விடைதான் பட்டியைத் தனிமைப்படுத்தவும், ஆடுகளைச் சந்தைக்கு அனுப்பாமல் நிறுத்தவும், சுற்று வட்டாரத்தில் இன்னும் நோய் வராத ஆடுகளுக்குத் தடுப்பூசி போடவும் காரணம் தருகிறது. இந்த வைரஸ் மனிதரைத் தாக்குவதில்லை. என்றாலும் செத்த ஆட்டின் இறைச்சியை உண்ணாமல் ஆழமாகப் புதைக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கும் இந்த நோய்க்கும் தனி உறவு உண்டு. 1942-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டில் முதலில் விவரிக்கப்பட்ட இது, இந்தியாவில் முதன்முதலாக 1987-இல் விழுப்புரம் பகுதியின் அரசூரில்தான் அடையாளம் காணப்பட்டது. அதுவரை ஆடுகளில் இப்படி ஒரு நோய் வந்தால் மாடுகளைத் தாக்கும் வெக்கை நோய் ஆட்டுக்கும் வந்துவிட்டது என்றே கருத இடமிருந்தது. இரண்டும் நெருங்கிய உறவுள்ள வைரஸ்கள், உடலில் காட்டும் அடையாளங்களும் மிக ஒத்தவை. ஆய்வுக்கூடம்தான் இரண்டையும் பிரித்தது. அந்த அரசூர் வைரஸிலிருந்தே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் ஒரு தடுப்பூசியை உருவாக்கியது.

“வைரஸ் இல்லை” என்று முடிவு வந்திருந்தால்? அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. உடல் வெயிலில் பல மணி நேரம் கிடந்திருக்கலாம், பனிக்கட்டி வழியில் உருகியிருக்கலாம், நோய் முற்றிய ஆட்டிலிருந்து எடுத்திருக்கலாம். அப்போது காய்ச்சல் தொடங்கிய வேறு ஆடுகளில் மறுபடி எடுக்க வேண்டும். பிழைத்த ஆடுகளின் ரத்தத்தை இரண்டு மூன்று வாரம் விட்டு இரண்டு முறை சோதித்து, எதிர்ப்பொருள் ஏறுகிறதா என்று பார்க்கலாம். தடுப்பூசி போட்ட ஆட்டிலும் எதிர்ப்பொருள் இருக்கும் என்பதால் தடுப்பூசி விவரம் இங்கே மறுபடி தேவைப்படும்.

ஆடு வளர்ப்பவர் செய்யக்கூடியது, மருத்துவர் வருவதற்கு முன்பே தொடங்குகிறது. செத்த ஆட்டை உரிக்கவோ அறுக்கவோ கூடாது. நிழலுக்கு இழுத்து, நாய் வராமல் மூடி, உடனே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்ல வேண்டும். நம் வெயிலில் ஆறு மணி நேரம் கடந்தால் குடல் சொல்லும் செய்தி பெரும்பாலும் அழிந்துவிடும். நோயில் கிடக்கும் ஆடுகளை மற்றவற்றிலிருந்து பிரித்து, தடுப்பூசி, மருந்து, வாங்கிய தேதி எல்லாவற்றையும் நினைவுபடுத்தி எழுதி வைக்க வேண்டும். சந்தையில் வாங்கிய ஆட்டை மூன்று வாரம் தனிக் கொட்டிலில் வைத்திருந்து, நோய்க்குறி எதுவும் இல்லை என்று தெரிந்த பின்பே பட்டியில் சேர்க்க வேண்டும். மேலே பார்த்த பட்டியில் இந்த ஒன்றைச் செய்திருந்தால், சந்தை ஆடுகளுக்கு மூக்கு ஒழுகத் தொடங்கியபோது அவை தனிக் கொட்டிலில் இருந்திருக்கும். பழைய ஆடுகளுக்கு நோய் வருவதற்கு முன்பே தடுப்பூசி போடும் வாய்ப்பும் கிடைத்திருக்கும்.